பத்து ரூபாய் போட்டால் பத்து ரூபாய்க் கடன் ஏன் அடைவதில்லை: அவசர டாக்டைம் கடனின் கணக்கு

2017 கடைசியில் சில மாதம் சித்தப்பாவின் ரீசார்ஜ் கடையில் மாலை நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளைக்கு இரண்டு பேராவது இதே புகாரோடு வருவார்கள்: "தம்பி, காலைல உங்க கடையிலதான் பத்து ரூபா ஏத்துனேன், இப்ப பார்த்தா பேலன்ஸே இல்ல." போனை வாங்கி எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்தால் பதில் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். முந்தின வாரம் எப்போதோ அவசரத்துக்கு வாங்கிய டாக்டைம் கடனுக்கு அந்தப் பத்து ரூபாய் போயிருக்கும். "கடன் வாங்குனது உண்மைதான், ஆனா வாங்குனதே பத்து ரூபாதானே, நான் பத்து ரூபா போட்டுட்டேனே, அப்புறம் இன்னும் பாக்கின்னு ஏன் வருது?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. அதற்கு அப்போது என்னால் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு உட்கார்ந்து பைசா பைசாவாகக் கணக்குப் போட்டுப் பார்த்ததில்தான் விளங்கியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கடன் என்னவென்று பார்ப்போம். பிரீபெய்டு சிம்மில் நாம் முன்கூட்டியே பணம் கட்டுகிறோம், பேசப் பேசக் கழிகிறது. பேலன்ஸ் தீர்ந்துவிட்டது, கடை மூடியிருக்கிறது, ஆனால் ஒரு போன் பண்ணியே ஆக வேண்டும். அப்போது நிறுவனம் ஒரு சின்னத் தொகையை மெயின் பேலன்ஸில் ஏற்றிவிட்டு, அடுத்த முறை ரீசார்ஜ் செய்யும்போது அந்தத் தொகையையும் அதற்கு ஒரு கட்டணத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் பரவலாக இருந்தது 10 ரூபாய் கடனுக்கு 2 ரூபாய் கட்டணம் என்ற கணக்கு. சில இடத்தில் கட்டணம் 3 ரூபாய். பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டயல் பண்ண வேண்டிய எண்ணும் மாறும், ஆனால் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

இதில் நிறுவனம் நமக்குக் கொடுப்பது ரொக்கம் இல்லை. பேசும் நேரம்தான். நாம் அந்த நேரத்தில் பேசாமல் விட்டால் நிறுவனத்துக்கு ஒன்றும் மிச்சமாகிவிடாது, கோபுரமும் கம்பியும் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் 10 ரூபாய் கொடுத்து அது திரும்பி வராமல் போனாலும் உண்மையான நஷ்டம் 10 ரூபாயைவிடக் குறைவு. வந்துவிட்டாலோ 2 ரூபாய் கூடுதல். இதனால்தான் ஆதார் கேட்காமல், கையெழுத்து வாங்காமல், நான்கு பட்டன் அமுக்கினால் கடன் வந்துவிடுகிறது. அதே சமயம் சிம்மைத் தூக்கிப் போட்டால் கடனும் அதோடு போய்விடும், யாரும் வீடு தேடி வரப் போவதில்லை. ஆகவே நிறுவனமும் ஒரு காப்பு வைத்துக்கொள்கிறது. நேற்று வாங்கிய சிம்முக்குக் கடன் கிடைக்காது, சில மாதமாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். மாதம் எவ்வளவு ரீசார்ஜ் செய்கிறீர்கள், முன்பு வாங்கிய கடன் அடைந்ததா என்பதையெல்லாம் அதன் கணினி பார்க்கும். பொதுவாக, பழைய கடன் அடையாமல் புதுக் கடன் கிடையாது.

சரி, கடன் வாங்கும் அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது? ஒவ்வொரு எண்ணுக்கும் நிறுவனத்தின் கணினியில் ஒரு பேலன்ஸ் கணக்கு இருக்கிறது. நாம் பேசும் ஒவ்வொரு நொடிக்கும் அதிலிருந்துதான் கழிகிறது. கடன் கணக்கு அதற்குள் இல்லை, அது தனி ஏடு. மளிகைக் கடையில் கல்லாப்பெட்டி ஒரு பக்கம், பாக்கி நோட்டு ஒரு பக்கம் இருப்பது மாதிரி. நீங்கள் கடன் கேட்டதும் பாக்கி நோட்டைப் பார்க்கும் கணினி, தகுதி இருந்தால் பேலன்ஸ் கணக்கில் 10 ரூபாயைக் கூட்டச் சொல்லும், தன் நோட்டில் உங்கள் எண்ணுக்கு எதிரே 12 ரூபாய் என்று எழுதிக்கொள்ளும். இந்த இரண்டும் தனித்தனி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கியபின் பேலன்ஸ் பார்த்தால் 10 ரூபாய் என்று மட்டும்தான் தெரியும், மைனஸ் 12 என்று எங்கும் காட்டாது. கடன் வாங்கியதையே பலர் மறந்துவிடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது வசூல். நீங்கள் ரீசார்ஜ் செய்ததும் "இந்த எண்ணில் டாப்-அப் ஏறியது" என்ற தகவல் கடன் கணினிக்குப் போகும். அது நோட்டைப் புரட்டிப் பார்க்கும், பாக்கி இருந்தால் ஏறிய பேலன்ஸிலிருந்து அவ்வளவையும் கழிக்கச் சொல்லும். ஏறிய தொகை பாக்கியைவிடக் குறைவாக இருந்தால், இருப்பதை எடுத்துக்கொண்டு மீதியை நோட்டில் விட்டுவைக்கும், அதற்கடுத்த ரீசார்ஜில் எடுக்கும். இதெல்லாம் சில நொடிக்குள் முடிந்துவிடும். வழக்கமாக இரண்டு எஸ்எம்எஸ் வரும்: ரீசார்ஜ் ஆனது என்று ஒன்று, கடன் பிடிக்கப்பட்டது என்று இன்னொன்று. நெரிசலான நேரத்தில் இரண்டாவது முதலில் வந்துவிடும், இல்லாவிட்டால் ஒன்று மட்டும் வந்து மற்றது அரை மணி கழித்து வரும். கடையில் வந்த சண்டைகளில் பாதி இதனால்தான். "ரீசார்ஜ் வெற்றி" என்ற செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவார், பிடித்தம் பற்றிய செய்தி வீட்டுக்குப் போனபின் வரும்.

இப்போது அந்த முக்கியமான இடம். வசூல் நடப்பது நீங்கள் கடைக்காரரிடம் கொடுத்த ரூபாயிலிருந்து இல்லை, உங்கள் பேலன்ஸில் ஏறிய டாக்டைமிலிருந்து. இந்த இரண்டும் ஒரே தொகை இல்லை.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு 10 ரூபாய் டாப்-அப் போட்டால் 7.47 ரூபாய்தான் ஏறும். அந்த எண் ரீசார்ஜ் கடைக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நாம் கொடுக்கும் 10 ரூபாய்க்குள்ளேயே 18 சதவீத வரி அடங்கியிருக்கிறது. 10-ஐ 1.18-ஆல் வகுத்தால் 8.47, அதாவது வரி 1.53. அப்புறம் செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று உண்டு, 10 ரூபாய் டாப்-அப்பில் அது 1 ரூபாய். 8.47-இல் 1 போனால் 7.47. இதே மாதிரி 20 ரூபாய் போட்டால் வரி 3.05, செயலாக்கக் கட்டணம் 2, ஏறுவது 14.95. செயலாக்கக் கட்டணம் 3 ரூபாயோடு நின்றுவிடும், அதனால் 50 ரூபாய்க்கு 39.37, 100 ரூபாய்க்கு 81.75. தொகை கூடக் கூட கொஞ்சம் லாபம், ஆனால் அவசரக் கடன் வாங்குபவர் 100 ரூபாய் போடுவது அபூர்வம்.

ஆனால் கடனாக ஏறும் 10 ரூபாய் முழு 10 ரூபாய் டாக்டைம். திருப்பிக் கட்ட வேண்டிய 12 ரூபாயும் 12 ரூபாய் டாக்டைம். இதைத் திருப்பிக் கட்ட நாம் கடையில் வாங்குவதோ ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் 7.47 டாக்டைம். இங்கேதான் அந்த அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் கணக்கு உதைத்தது.

ஒரு உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பூ விற்கும் ஓர் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 1 பைசா திட்டம். திங்கட்கிழமை ராத்திரி அவர் பேலன்ஸ் 38 பைசா. பூ அனுப்பும் வியாபாரியிடம் பேசியாக வேண்டும், கடன் வாங்குகிறார். பேலன்ஸ் 10.38 ஆகிறது, பாக்கி நோட்டில் 12 என்று ஏறுகிறது. அன்றைக்கும் மறுநாளும் சேர்த்து 17 நிமிடம் பேசுகிறார், அதாவது 1020 நொடி, 10.20 ரூபாய். மிச்சம் 18 பைசா.

புதன்கிழமை காலை 10 ரூபாய் கொடுத்து டாப்-அப் செய்கிறார். 7.47 ஏறுகிறது, பேலன்ஸ் ஒரு நொடி 7.65 ஆகிறது, உடனே கடன் கணினி 7.47-ஐ எடுத்துக்கொள்கிறது. திரும்பவும் 18 பைசா. நோட்டில் 12-இல் 7.47 போக 4.53 பாக்கி. அக்காவின் பார்வையில் என்ன நடந்தது? பத்து வாங்கினார், பத்து கட்டினார், ஒரு போன்கூடப் பண்ண முடியவில்லை, இன்னும் நாலரை ரூபாய் பாக்கி என்று எஸ்எம்எஸ் வருகிறது. யாருக்குத்தான் கோபம் வராது?

(சில நிறுவனங்களின் முறையில் அந்த 18 பைசாவையும் சேர்த்து, பேலன்ஸில் இருப்பது மொத்தத்தையும் எடுத்துவிடுவார்கள். சில இடத்தில் ஏறிய தொகையை மட்டும் தொடுவார்கள். இங்கே இரண்டாவது முறையை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.)

வெள்ளிக்கிழமை 20 ரூபாய் போடுகிறார். 14.95 ஏறுகிறது, அதில் 4.53 கழிகிறது, மீதி 10.42. பழைய 18 பைசாவோடு சேர்த்து 10.60. கடன் முடிந்தது, நோட்டில் பூஜ்யம். இந்த வாரம் அவர் கையிலிருந்து போனது 30 ரூபாய். வரியும் செயலாக்கக் கட்டணமும் சேர்ந்து 7.58, கடனுக்கான கட்டணம் 2, மீதி 20.42 அவருக்குப் பேசக் கிடைத்தது. அதில் 10 ரூபாய் திங்கட்கிழமையே கிடைத்துவிட்டது, 10.42 வெள்ளிக்கிழமை கிடைத்தது. திருட்டு எதுவும் நடக்கவில்லை, கூட்டினால் பைசா சுத்தமாகச் சரியாக வருகிறது. ஆனால் புதன்கிழமை கொடுத்த பத்து ரூபாய் எங்கே போனது என்பதை அவருக்கு யாரும் இப்படிச் சொல்லவில்லை.

இதையே இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கலாம். 12 ரூபாய் டாக்டைமைச் சின்ன டாப்-அப்பாக வாங்க வேண்டுமானால் கையிலிருந்து ஏறக்குறைய 16 ரூபாய் போக வேண்டும். அதனால் "10 ரூபாய் கடன்" என்பதை அடைக்க உண்மையில் 16 ரூபாய் தேவை. முன்கூட்டியே டாப்-அப் செய்து 10 ரூபாய் டாக்டைம் வாங்கியிருந்தாலும் 13.39 ஆகியிருக்கும், அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வித்தியாசம் 2.67 ரூபாய். 2 ரூபாய் என்று சொல்லப்படும் கட்டணத்தின் ரொக்க விலை அதுதான், ஏனென்றால் அந்த 2 ரூபாயும் டாக்டைமாகக் கட்டப்படுகிறது, அந்த டாக்டைமை வரி கட்டித்தான் வாங்குகிறோம்.

இந்தக் கட்டணம் வட்டி இல்லை என்பதையும் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் அடைத்தாலும் 2 ரூபாய், இரண்டு வாரம் கழித்து அடைத்தாலும் 2 ரூபாய். தாமதத்துக்கு அபராதம் ஏறுவதில்லை, நோட்டில் எழுதியது அப்படியே நிற்கும். எப்போதோ ஒருமுறை, நடுராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் 2 ரூபாய் பெரிய காசே இல்லை, தாராளமாக வாங்கலாம். என் கவலை ஒவ்வொரு ரீசார்ஜுக்கு முன்னாலும் வாங்குபவர்களைப் பற்றியது. கடை அனுபவத்தில் சொல்கிறேன், அப்படி நிறையப் பேர் இருந்தார்கள். 20 ரூபாய் போடுவார், 12 கடனுக்குப் போகும், 2.95 மிஞ்சும், அது அன்றைக்கே தீரும், மறுபடியும் கடன். இந்தச் சுழலில் மாட்டியவருக்கு 20 ரூபாய் டாப்-அப்புக்குக் கிடைக்கும் பேச்சு எப்போதும் 12.95 ரூபாய்க்குத்தான், 14.95-க்கு இல்லை. இதிலிருந்து வெளியே வர ஒரே ஒரு தடவை போதும்: ஒரு ரீசார்ஜில் பாக்கி முழுக்கக் கழிந்தபின் மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு அடுத்த டாப்-அப் வரை ஓட்டிவிட வேண்டும். அதற்கு அந்த ஒரு தடவை மட்டும் 20-க்குப் பதில் 50 போடுவது உதவும், 39.37 ஏறி 12 கழிந்தாலும் 27.37 நிற்கும்.

கட்டணத்தை எந்த இடத்தில் எடுக்கிறார்கள் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். கென்யாவில் சஃபாரிகாம் நிறுவனம் தரும் கடனுக்கு "ஒகோவா ஜஹாஸி" என்று பெயர், சுவாஹிலியில் "கப்பலைக் காப்பாற்று" என்று அர்த்தம் வரும். அங்கே *131# டயல் செய்து கேட்கிறார்கள், கட்டணம் 10 சதவீதம். ஆனால் அதை முதலிலேயே பிடித்துக்கொள்கிறார்கள்: 100 ஷில்லிங் கேட்டால் 90 ஏறும், திருப்பிக் கட்டுவது 100. நம் ஊர்க் கந்துக்காரர் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போதே வட்டியைக் கழித்துக்கொள்வது போன்ற முறை. நம் ஊர் டாக்டைம் கடனில் கேட்ட 10 முழுசாக வந்து 12 கழிந்தது. முதலிலேயே பிடிக்கும் முறையில் ஒரு நல்லது இருக்கிறது, கடன் எவ்வளவோ அதேதான் பாக்கி, 100 என்றால் 100, பிறகு வந்து கூடுதலாக எதுவும் நிற்காது. ஆனால் 10 சதவீதம் என்பது கேட்ட தொகையில், கையில் வந்த 90-இல் பார்த்தால் அது 11 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. எந்த ஊரில் யார் கடன் கொடுத்தாலும் இரண்டே எண்ணைக் கேட்டால் போதும்: எவ்வளவு ஏறும், எவ்வளவு கழியும்.

இப்போது தவறுகள் எங்கே நடக்கின்றன என்று பார்ப்போம். என் அனுபவத்தில் அதிகம் குழப்பியது ரேட் கட்டர். அதைப் போட்டால் மெயின் பேலன்ஸில் ஒரு பைசாகூட ஏறாது, அழைப்பு விலை மட்டும் குறையும். டேட்டா பேக்கும் அப்படித்தான். கடன் கணினி எடுப்பது மெயின் பேலன்ஸிலிருந்து. அதில் ஒன்றும் ஏறவில்லை என்றால் எடுக்கவும் ஒன்றும் இல்லை. ஆகவே ஒருவர் கடன் வாங்கிவிட்டு, தொடர்ந்து பேக் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அந்த 12 ரூபாய் நோட்டிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் சாதாரண டாப்-அப் போடுவார், அன்றைக்குக் கழியும். அவருக்குக் கடன் வாங்கிய ஞாபகமே இருக்காது. "காரணமே இல்லாம காசு எடுத்துட்டாங்க" என்று வருவார். அவர் பொய் சொல்லவில்லை, நிறுவனமும் தப்பாக எடுக்கவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று மாத மறதி இருக்கிறது.

அடுத்தது, தெரியாமல் வாங்கிய கடன். பேலன்ஸ் தீரும் தருவாயில் திரையில் தானாக ஒரு செய்தி எழும்பும், கடன் வேண்டுமானால் 1 அமுக்குங்கள் என்று. எழுத்துப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் அந்தப் பெட்டியை மூடுவதற்காக எதையாவது அமுக்குவார்கள். கட்டணச் சேவை எதையும் தொடங்குமுன் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை உறுதி கேட்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-இல் உத்தரவு போட்டது இந்த மாதிரிப் புகார்கள் குவிந்த காலத்தில்தான். இரண்டாவது பெட்டியையும் அதே அவசரத்தில் அமுக்கிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. வீட்டில் பாட்டி, தாத்தா கையில் பட்டன் போன் இருந்தால் இப்படி எழும்பும் பெட்டியை எந்தப் பட்டனால் மூடுவது என்று ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

மூன்றாவது கடைக்காரர்களுக்கு வரும் தலைவலி. எண்ணில் ஒரு இலக்கம் மாறி வேறு யாருக்கோ ரீசார்ஜ் போய்விடும். அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசினால் நல்லவராக இருந்தால் காசைக் கொடுத்துவிடுவார். ஆனால் அவருக்குக் கடன் பாக்கி இருந்தால், ஏறிய நொடியிலேயே கழிந்திருக்கும். "என் பேலன்ஸ்ல எதுவுமே ஏறலையே சார்" என்று அவர் உண்மையாகவே சொல்வார். சித்தப்பாவுக்கு ஒருமுறை 50 ரூபாய் ரீசார்ஜ் தப்பான எண்ணுக்குப் போனபோது பன்னிரண்டு ரூபாய் இப்படித்தான் மறைந்தது. அந்த மனிதர் எஸ்எம்எஸ்ஸைப் படித்துப் பார்த்து, தன் கடன்தான் அடைந்தது என்று புரிந்துகொண்டு, மறுநாள் கடைக்கு வந்து முழு 50 ரூபாயையும் கொடுத்துவிட்டுப் போனார்.

உங்கள் காசு கழிந்தது சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? மூன்று எஸ்எம்எஸ் வேண்டும். கடன் வாங்கிய நாளில் வந்தது, ரீசார்ஜ் ஆனதும் வந்தது, பிடித்தம் செய்தபோது வந்தது. ரீசார்ஜ் செய்தியில் மொத்தத் தொகை, செயலாக்கக் கட்டணம், வரி, ஏறிய டாக்டைம் எல்லாம் இருக்க வேண்டும், அது 2012-இல் வந்த டிராய் விதி. அதில் உள்ள "ஏறிய டாக்டைம்" எண்ணிலிருந்து மட்டும் கணக்கைத் தொடங்குங்கள், கொடுத்த நோட்டிலிருந்து தொடங்கினால் ஒருபோதும் சரியாக வராது. முன்பு இருந்த பேலன்ஸோடு ஏறியதைக் கூட்டி, கழிந்ததைக் கழித்தால் இப்போதைய பேலன்ஸ் வர வேண்டும், இதுவரை கழிந்ததை எல்லாம் கூட்டினால் கடனும் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மட்டும்தான் அது உண்மையான புகார். ஒரே கடன் இரண்டு முறை கழிந்தது, கேட்காத கடன் கழிந்தது, இவை இரண்டும் நான் பார்த்தவை.

எஸ்எம்எஸ்ஸை அழித்துவிட்டீர்கள் என்றாலும் வழி இருக்கிறது. பிரீபெய்டு வாடிக்கையாளரும் கடந்த ஆறு மாதத்துக்குள் தனக்கு வேண்டிய காலத்துக்கு விரிவான கணக்கைக் கேட்டு வாங்கலாம், அதற்கு நிறுவனம் 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. பிரீபெய்டுக்கு பில்லே கிடையாது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கையில் அதை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் சேவையில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் அந்த எண்ணோடு 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். இரண்டு ரூபாய்க்காக இவ்வளவா என்று தோன்றலாம், தோன்றினால் விட்டுவிடுங்கள். மாதாமாதம் கழிகிறது என்றால் விடாதீர்கள்.

இன்றைக்கு இதெல்லாம் எவ்வளவு பொருந்தும் என்று கேட்பீர்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு சில வருடத்தில் அன்லிமிடெட் பேக் எல்லாருக்கும் வந்துவிட்டது, மெயின் பேலன்ஸில் காசு வைத்துப் பேசுபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒரு மாதமோ மூன்று மாதமோ பேக் போடுபவரின் மெயின் பேலன்ஸில் ஏறுவதற்கும் ஒன்றும் இல்லை, பிடிப்பதற்கும் ஒன்றும் இல்லை. அதனால் கடனும் வேறு உருவம் எடுத்தது. 2021 ஜூலையில் ஜியோ அவசர டேட்டா கடன் கொண்டுவந்தது, 1 ஜிபி 11 ரூபாய், அதிகபட்சம் ஐந்து பேக், திருப்பிக் கட்டுவது மைஜியோ செயலியில் நாமே போய். அங்கே தானாகக் கழிவதில்லை, கட்டினால்தான் அடையும்.

இன்னொரு உருவம் வேலிடிட்டியைக் கடனாகக் கொடுப்பது. பேக் முடிந்த அன்று ஒரு நாள் பேச்சும் கொஞ்சம் டேட்டாவும் தருவார்கள், அடுத்து நீங்கள் போடும் 28 நாள் பேக்கில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்வார்கள். பழைய வசூல் முறைதான், ரூபாய்க்குப் பதில் நாள் கழிகிறது. இதில் பைசாக் கணக்கு வேண்டாம். பேக் போட்ட அன்று வரும் எஸ்எம்எஸ்ஸில் முடியும் தேதி இருக்கும், காலண்டரில் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். 27 வந்தால் கடன் அடைந்துவிட்டது. கடன் வாங்காமலே 27 வந்தால் அன்றைக்கே கூப்பிட்டுக் கேளுங்கள்.